சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இல்லாத வன்னி வீட்டுக்கு ஸ்மார்ட் சுவிட்ச்

வெளிநாட்டில் வாங்கிய ஸ்மார்ட் சுவிட்சைப் பயணப் பெட்டிக்குள் வைக்க முன்னர் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் வாங்கியதில் 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால், இங்கே கொழுவியதும் கருகிவிடும். ஜேர்மனிச் சுவிட்சுகள் வட்டப் பெட்டிக்குச் செய்தவை. எங்கள் சதுரப் பெட்டிக்கு 86 மில்லிமீற்றர் பிரித்தானிய அளவுதான் சரிவரும்.

பெரிய சிக்கல் சுவருக்குள் இருக்கிறது. பழைய வீடுகளில் சுவிட்சுக்கு இரண்டு வயர்தான் இறங்கும். ஒன்று லைவ், மற்றது லைற்றுக்குத் திரும்பிப் போவது. நியூட்ரல் மேலாலேயே லைற்றுக்குப் போய்விடும். லைற் அணைந்திருக்கும்போதும் ஸ்மார்ட் சுவிட்சின் ரேடியோ வேலை செய்ய வேண்டும். அதற்குத்தான் நியூட்ரல் தேவை.

பெட்டியைத் திறந்ததும் சிவப்பும் கறுப்பும் தெரியும். கறுப்பைக் கண்டு "நியூட்ரல் இருக்கிறது" என்று நம்புவதுதான் வழமையான பிழை. பெரும்பாலும் அது லைற்றுக்குத் திரும்பும் வயர். மீற்றரும் ஏமாற்றும்: சுவிட்ச் அணைந்திருக்கையில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் அளந்தால், லைற்றுக்குள்ளால் நியூட்ரலைத் தொட்டு 230 வரைக்கும் காட்டக்கூடும். ஆகவே சுவிட்சைப் போட்டுவிட்டு அளக்க வேண்டும். அப்போது திரும்பும் வயர் 0 காட்டும், உண்மையான நியூட்ரல் 230 காட்டும். மின்சாரம் இருக்கும்போது செய்யும் சோதனை என்பதால் வயரிங் தெரிந்தவரே செய்யட்டும். மற்ற வேலைக்கெல்லாம் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

கீழே நியூட்ரல் இல்லையென்றால் மேலே பாருங்கள். புளியங்குளத்தில் ஒரு ஓட்டு வீடு என்று வையுங்கள். விறாந்தையில் 9 வோற் எல்.ஈ.டி., கீழே ஒற்றைச் சுவிட்ச். சீலிங் ரோஸைக் கழற்றினால், லைவும் நியூட்ரலும் அங்கே வந்து அடுத்த அறைக்குப் போகின்றன, சுவிட்சுக்கு ஒரு சோடி இறங்குகிறது. இது நல்ல அமைப்பு. ஸ்மார்ட் சுவிட்சை விட்டுவிட்டு, போனிலிருந்தும் சுவர்ச் சுவிட்சிலிருந்தும் லைற்றைப் போட்டு அணைக்கும் சிறிய ரிலே மொடியூல் ஒன்றை மேலே வையுங்கள். அதன் S1 முனை 230 வோல்ற் லைவை ஏற்கும் வகையாக இருக்க வேண்டும். L முனைக்கு நிரந்தர லைவ், N முனைக்கு நியூட்ரல். சுவிட்சிலிருந்து திரும்பி வரும் வயரை லைற்றிலிருந்து கழற்றி S1 முனைக்குக் கொடுத்து, O முனையிலிருந்து லைற்றுக்கு ஒரு வயர் போடுங்கள். சுவரில் பழைய சுவிட்சே இருக்கும். போனைத் தொடாத அம்மம்மாவுக்கும் அது பழகியபடியே வேலை செய்யும்.

மொடியூல் ரோஸுக்குள் அடங்காது, பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டி ஒன்று வேண்டும். வயர் நுழையும் துவாரங்களை அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும். பல மொடியூல்களுக்கு 40 பாகை செல்சியஸ்தான் எல்லை. மதியத்தில் ஓட்டுக்கோ தகரத்துக்கோ அடியில் அதைத் தாண்டிவிடும். எனவே பெட்டியைச் சீலிங்குக்குக் கீழே வையுங்கள்.

ரோஸில் இரண்டு வயர் மட்டுமே இருந்தால் அங்கே நிரந்தர லைவ் இல்லை. அப்போதுதான் நியூட்ரல் தேவையில்லாத சுவிட்ச். அது லைற்றுக்குள்ளாலேயே கொஞ்ச மின்னோட்டத்தை இழுத்து உயிர்வாழும். 5 வோற் எல்.ஈ.டி.யில் அந்தக் கசிவு உள்ளிருக்கும் கொள்ளளவியை மெல்ல நிரப்ப, அணைத்த லைற் இரவில் மினுங்கும். இதற்குத் தரும் பைபாஸ் கொள்ளளவியைச் சுவிட்சில் அல்ல, லைற்றில், திரும்பும் வயருக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே பூட்ட வேண்டும். சுவிட்சில் பூட்டினால் மினுக்கம் கூடும். பைபாஸ் போட்டும் சுவிட்ச் அடிக்கடி தொடர்பிழந்தால், லைற்றின் வோற் அந்தச் சுவிட்சுக்குரிய குறைந்தபட்சத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஃபானுக்கு இதைப் போட வேண்டாம்.

இவ்வகைச் சுவிட்சுகள் பெரும்பாலும் சிக்பீ என்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேடியோ முறையில் இயங்குபவை. நியூட்ரல் இல்லாதவை பொதுவாக மற்றவற்றின் சிக்னலைக் கடத்தித் தரமாட்டா. குசினி தனிக்கட்டடமாக இருந்தால் இடையில் ஒரு சிக்பீ பிளக் வையுங்கள், அது கடத்தும்.

"எர்த்தை நியூட்ரலாகப் பாவிக்கலாம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நாலைந்து சுவிட்சின் கசிவு சேர்ந்தால் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் காரணம் தெரியாமல் விழும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கோடையில் மண் வறண்டு எர்த் கம்பி சரியாகப் பிடிக்காது. அப்போது அந்தக் கசிவு குளிர்சாதனப் பெட்டியின் உடலிலும் தண்ணி மோட்டரிலும் ஏறும்.

விமானம் ஏற முன்னர் மெயினை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். மின்சாரம் திரும்பியதும் எல்லா லைற்றும் தானாக எரிந்தால், செயலியில் அந்த அமைப்பை "அணைந்தபடி" என்று மாற்றிவிட்டுப் போங்கள்.