மாலை வகுப்புக்கு நிதி கேட்டு எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

சென்னையில் சின்னச் சின்னக் குழுக்கள் எழுதும் நிதி விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். நல்ல வேலை செய்பவர்களின் விண்ணப்பம்கூடத் திரும்பி வருவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். தேவை, விளைவு, பட்ஜெட் என்ற மூன்று பகுதிகளையும் மூன்று தனிக் கட்டுரைகளாக எழுதிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் ஒரு மாலை வகுப்பை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் 60 பிள்ளைகள் வருகிறார்கள்.

தேவைப் பகுதியைப் பலரும் ஏசர் அறிக்கையின் எண்ணோடு தொடங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று பார்க்கப் பிரதம் அமைப்பு நடத்தும் அந்த வீடுவீடான கணக்கெடுப்பு கிராமப்புறத்துக்கானது. அதன் சதவீதத்தைக் காட்டிப் பெரும்பாக்கத்துக்கு நிதி கேட்டால், விஷயம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே நம்பிக்கை இழப்பார். ஆனால் ஏசரின் வாசிப்புத் தாள் நமக்கு உதவும். எழுத்து, சொல், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை என்று படிப்படியாகப் போகும் தாள் அது. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். இரண்டு மூன்று மாலைகளில் 60 பேரையும் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிவிடலாம். கதை வரை வாசித்தவர்கள் 18, பத்தியோடு நின்றவர்கள் 14, சொல்லோடு நின்றவர்கள் 16, எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் 12 என்று வந்ததாக வையுங்கள். இந்த ஒரு வரியே உங்கள் தேவை. ‘ஏழைக் குழந்தைகள் கல்வியில் பின்தங்கியுள்ளனர்’ என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட இது கனமானது.

இன்னொரு தவறு, வாங்க நினைக்கும் பொருள் இல்லாததையே தேவை என்று எழுதுவது. ‘மையத்தில் கம்ப்யூட்டர் இல்லை, ஆகவே கம்ப்யூட்டர் தேவை’ என்றால் பிள்ளைக்கு என்ன குறை என்பது வரவே இல்லை. 3-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு ‘மரம்’ என்ற சொல்லை வாசிக்க வரவில்லை என்பது குறை. அதைத் தீர்க்கக் கம்ப்யூட்டர்தான் வழியா என்பது பிறகு பேச வேண்டியது.

விளைவுப் பகுதியில் ‘60 பிள்ளைகளுக்கு 200 வகுப்புகள் நடத்துவோம்’ என்று எழுதுகிறார்கள். அது நாம் செய்யும் வேலை. பிள்ளையிடம் என்ன மாறும் என்பதுதான் விளைவு. மேலே வந்த எண்களிலிருந்தே எழுதுங்கள்: ‘ஜூன் முதல் மார்ச் வரை 10 மாதத்தில், எழுத்து நிலையில் உள்ள 12 பேரில் 9 பேராவது சொற்களை வாசிப்பார்கள், சொல் நிலையில் உள்ள 16 பேரில் 11 பேராவது பத்தியை வாசிப்பார்கள்.’ அதே தாளின் வேறு மாதிரியை வைத்து மார்ச்சில் மறுபடி சோதிப்போம் என்றும் சேர்த்துவிடுங்கள். எல்லாரும் தேறிவிடுவார்கள் என்று எழுதாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் வகுப்பு நின்றுபோகும் நாட்கள் இருக்கும் என்பது சென்னையில் எல்லாருக்கும் தெரியும்; அதைக் கணக்கில் எடுத்ததைச் சொன்னால் உங்கள் எண்ணை நம்புவார்கள்.

இப்போது பட்ஜெட். ‘ஆசிரியர் சம்பளம் – ரூ.1,20,000’ என்று மட்டும் இருந்தால் படிப்பவருக்குக் கேள்விதான் எழும். எழுத்து நிலைப் பிள்ளைகளையும் சொல் நிலைப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லித்தர முடியாது, அதனால் இரண்டு ஆசிரியர்கள். தினம் ஒன்றரை மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 33 மணி. பாடம் தயாரிக்கவும் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும் 7 மணி. ஆக 40 மணி, மணிக்கு ரூ.150 வீதம் மாதம் ரூ.6,000. இருவருக்கு 10 மாதம் ரூ.1,20,000. தேவையில் சொன்ன 12-ம் 16-ம் இங்கே மறுபடி வந்து நிற்கின்றன பாருங்கள். எந்தச் செலவைப் பிள்ளைகளின் எண்ணோடு இப்படிக் கோக்க முடியவில்லையோ, அதை ஏன் கேட்கிறோம் என்று நாமே யோசிக்க வேண்டும்.

ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தை ‘இதர செலவுகள்’ என்ற வரியில் பயந்து மறைப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் சிஎஸ்ஆர் நிதியில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியே அந்தப் பயத்துக்குக் காரணம். அந்த வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலைகளைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கானது. குறிப்பிட்ட ஒரு திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. ஆகவே வருகைப் பதிவையும் வாசிப்புச் சோதனையையும் பார்த்துக்கொள்பவரின் சம்பளத்தைத் தனி வரியாக, அவர் செய்யும் வேலையோடு எழுதுங்கள். நிதி தருபவர் தனக்கென்று வேறு வரம்பு வைத்திருக்கலாம், அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, வீடு மாறிப்போகும் பிள்ளைகள். எழுத்து, சொல் நிலைகளில் உள்ள 28 பேரில் 5 பேர் நடுவில் போய்விட்டால், மார்ச்சில் 23-க்குக் கணக்குச் சொல்வீர்களா, 28-க்கா? விண்ணப்பத்திலேயே முடிவு செய்து, இரண்டு எண்ணையும் தருவோம் என்று எழுதிவிடுங்கள்.