ஒரே δ எல்லா இடத்துக்கும் போதுமா? தொடர்ச்சியும் சீரான தொடர்ச்சியும்

குன்னூரில் மாலை வேளையில் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ‘தொடர்ச்சியான சார்பு’, ‘சீரான தொடர்ச்சியுள்ள சார்பு’ என்ற இரண்டும் வரும்போது, வரையறையை ஒப்பிக்கிறார்கள், கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வாரம் ஒரு மாணவி கேட்டாள்: “சார், ரெண்டு வரையறையிலும் அதே எழுத்துதானே இருக்கு, எங்கதான் வித்தியாசம்?” அவளுக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ரயில் பாதை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வரும் மலை ரயிலை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரும்புப் பட்டை வந்துவிடும். அந்த ஏற்றத்தில்கூட பாதை ஏறக்குறைய 12 அடி போனால் 1 அடி உயரும், அதற்கு மேல் செங்குத்தாகாது.

பாதையில் x தூரத்தில் இருக்கும் உயரத்தை h(x) என்போம். இரண்டு இடங்களின் உயர வித்தியாசம் 1 அடிக்குள் இருக்க வேண்டும் என்றால், அவை எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்? 12 அடிக்குள் இருந்தால் போதும். ரயில் கல்லாறில் நின்றாலும் சரி, குன்னூர் தாண்டி நின்றாலும் சரி, அதே 12 அடிதான். எந்த இடம் என்று கேட்காமலே விடை சொல்லிவிட்டோம். இதுதான் சீரான தொடர்ச்சி.

வரையறையில் யார் முதலில் பேசுகிறார்?

வரையறையை நீங்களும் ஓர் எதிராளியும் ஆடும் ஆட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தொடர்ச்சியில் எதிராளி இரண்டு பொருளைத் தருகிறார்: ஒரு புள்ளி a, ஒரு சிறு எண் ε. இரண்டையும் பார்த்த பிறகு நீங்கள் δ-வைத் தேடலாம். |x − a| < δ என்றால் |f(x) − f(a)| < ε ஆக வேண்டும்.

சீரான தொடர்ச்சியில் எதிராளி ε-ஐ மட்டும் சொல்வார். நீங்கள் δ-வை எழுதி மேசைமேல் வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் x, y என்ற எந்த இரண்டு புள்ளியையும் எடுப்பார். |x − y| < δ என்றால் |f(x) − f(y)| < ε ஆக வேண்டும்.

எழுத்துகள் அதேதான். δ சொல்லும் முறை புள்ளிக்கு முன்னா, பின்னா என்பது மட்டும் மாறுகிறது.

x²-ஐப் போட்டுப் பார்ப்போம்

f(x) = x², இடைவெளி [0, ∞). ε = 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி a-யில் கிடைக்கும் மிகப் பெரிய δ எது? வலப்பக்கம்தான் சார்பு வேகமாக ஏறுகிறது. ஆகவே (a + δ)² = a² + 1 என்று எழுதித் தீர்த்தால் δ = √(a² + 1) − a வரும். கால்குலேட்டரில் போடுங்கள்:

```
a = 0      δ = 1
a = 1      δ ≈ 0.414
a = 10     δ ≈ 0.0499
a = 100    δ ≈ 0.0050
```

ஒவ்வொரு புள்ளியிலும் δ கிடைக்கிறது, ஆகவே சார்பு தொடர்ச்சியானது. ஆனால் போகப் போக δ தேய்ந்துகொண்டே போகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று மிஞ்சாது.

தேர்வில் அட்டவணை போதாது, நிரூபணம் வேண்டும். யாராவது ஒரு δ தந்தால் x = 1/δ, y = x + δ/2 என்று எடுங்கள். இரண்டுக்கும் இடையே δ/2 தான் தூரம். ஆனால் y² − x² = 1 + δ²/4. அது 1-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே எந்த δ-வும் பலிக்காது.

இப்போது அதே x²-ஐ [0, 10] மேல் மட்டும் பாருங்கள். |x² − y²| = |x − y|(x + y), இங்கே x + y ஒருபோதும் 20-ஐத் தாண்டாது. ஆகவே δ = ε/20. ε = 1-க்கு 0.05. இந்த ஒரே எண் முழு இடைவெளிக்கும் போதும். சார்பு மாறவில்லை, அது நடமாடும் இடம்தான் சுருங்கியது. ஆகவே “x² சீரான தொடர்ச்சியுள்ளதா?” என்று இடைவெளி சொல்லாமல் கேட்டால் அந்தக் கேள்வியே முழுமையில்லாதது.

இது x²-க்கு மட்டும் கிடைத்த அதிர்ஷ்டம் இல்லை. மூடிய, வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு எதுவானாலும் சீரான தொடர்ச்சி தானாக வந்துவிடும். எட்வர்ட் ஹைனே 1872-இல் இதற்கு நிரூபணம் வெளியிட்டார்.

‘வரம்புள்ள’ மட்டும் போதாது

“அப்போ இடைவெளி சின்னதா இருந்தா போதுமா சார்?” போதாது. f(x) = 1/x, இடைவெளி (0, 1]. நீளம் வெறும் 1. x = 1/100, y = 1/101 எடுங்கள். சார்பின் மதிப்புகள் 100, 101. வித்தியாசம் சரியாக 1. ஆனால் புள்ளிகளுக்கு இடையே 1/10100 தான் தூரம், அதாவது 0.0001-க்கும் குறைவு. 100-க்குப் பதில் ஆயிரம், லட்சம் என்று போனால் தூரம் இன்னும் சுருங்கும், மதிப்பின் வித்தியாசமோ 1-லேயே நிற்கும். 0 என்ற முனை இடைவெளியில் இல்லாததால்தான் இப்படி ஓட இடம் கிடைக்கிறது.

அந்த முனையை வெட்டி [0.01, 1] என்று எடுத்தால்? |1/x − 1/y| = |x − y|/(xy), xy குறைந்தது 0.0001. ஆகவே ε = 1-க்கு δ = 0.0001 போதும். மேலே எடுத்த ஜோடி இதைவிட நெருக்கமாயிற்றே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் 1/101 இப்போது இடைவெளிக்கு வெளியே போய்விட்டது.

√x-இல் வரும் தவறு

நன்றாகப் படிக்கிறவர்களே அதிகம் விழும் இடம் இது. f(x) = √x, இடைவெளி [0, ∞). பாடத்தில் கற்ற வழியில் புள்ளி a-க்கு δ = ε√a என்று கண்டுபிடிப்பார்கள். a பூஜ்யத்தை நெருங்க இந்த δ-வும் பூஜ்யமாகிறது. உடனே “சீரான தொடர்ச்சி இல்லை” என்று எழுதிவிடுவார்கள். விடை தவறு.

உங்கள் கையில் கிடைத்த δ தேய்ந்தது என்பதால் வேறு நல்ல δ இல்லை என்று ஆகாது. x²-இல் நாம் கண்டது மிகப் பெரிய δ, அதுவே தேய்ந்தது; தவிர, தனியாக நிரூபணமும் எழுதினோம். இங்கே ε√a என்பது ஏதோ ஒரு δ, அவ்வளவுதான்.

இப்படிச் செய்யுங்கள். |√x − √y| எப்போதும் √x + √y-ஐவிடப் பெரிதாகாது. ஆகவே

(√x − √y)² ≤ |√x − √y|(√x + √y) = |x − y|.

அதாவது |√x − √y| ≤ √|x − y|. δ = ε² என்று வைத்தால் முடிந்தது. ε = 0.1 என்றால் δ = 0.01, பூஜ்யத்திலும் அதேதான், பத்து லட்சத்திலும் அதேதான். இடைவெளிக்கு முடிவே இல்லை, ஆனாலும் சீரான தொடர்ச்சி இருக்கிறது.

ரயில் பாதையோடு இதை ஒட்டிப் பாருங்கள். √x-இன் வரைபடம் பூஜ்யத்தில் செங்குத்தாக எழும்புகிறது. அங்கே ‘12-க்கு 1’ போல எந்தச் சாய்வு வரம்பும் கிடையாது. சாய்வுக்கு வரம்பு இருந்தால் சீரான தொடர்ச்சி உறுதி. வரம்பு இல்லை என்பதை மட்டும் வைத்து ‘இல்லை’ என்று எழுத முடியாது. அப்படி எழுத வேண்டுமானால், நெருங்கிக்கொண்டே போயும் மதிப்பில் விலகியே நிற்கும் ஜோடிகளை, 1/100, 1/101 போல, கையில் எடுத்துக் காட்ட வேண்டும்.