ஆயுள் தண்டனையும் முன்விடுதலையும்: குடும்பத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு, அது முடிந்ததும் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்கக் குடும்பங்கள் பலவும் உறுதியாக நம்புகின்றன. முதல் தவறு இதுதான், மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை. ஆயுள் தண்டனை என்பது ஆயுள் முழுவதற்குமான தண்டனை என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய கொலை போன்ற குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 ஆண்டு உள்ளபடியே சிறையில் கழிக்கும் முன் அரசு விடுவிக்கக் கூடாது என்பதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவு. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 475-ஆவது பிரிவாக இருக்கிறது. ஆக, 14 ஆண்டு நிறைந்த நாள் முன்விடுதலை மனு பரிசீலனைக்குத் தகுதி பெறும் நாளே தவிர, விடுதலை நாள் அன்று.

அந்த நாளைக் கணக்கிடுவதில்தான் அதிகம் பிழை நேர்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெருந்துறைப் பக்கம் தோட்டத்துக்குப் போகும் தடத்துக்காகப் பங்காளிகளுக்குள் எழுந்த தகராறு கொலையில் முடிந்து, ஒருவர் 2010 ஜூனில் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். 90 நாள் காவலுக்குப் பின் ஜாமீனில் வருகிறார். 2012 மார்ச் 15-இல் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறார். மேல்முறையீடு நடக்கையில் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்ததால் 18 மாதம் வெளியே இருக்கிறார். மேல்முறையீடு தள்ளுபடியானதும் திரும்பவும் உள்ளே. பிறகு பல தவணைகளில் மொத்தம் 150 நாள் விடுப்பில் வந்துபோகிறார். குடும்பம் கைதான நாளிலிருந்து எண்ணி, 2024 ஜூனிலேயே 14 ஆண்டு முடிந்துவிட்டது என்கிறது. சிறை அலுவலகக் கணக்கோ வேறு. தண்டனை நாளிலிருந்து 14 ஆண்டு என்றால் 2026 மார்ச். விசாரணைக் காவலில் இருந்த 90 நாளும் சேர்வதால் அது 2025 டிசம்பருக்கு முன்வரும். வெளியே இருந்த 18 மாதம் சேராது என்பதால் 2027 ஜூனுக்குத் தள்ளிப்போகும். விடுப்பு நாட்களையும் ஈடு செய்தால் 2027 நவம்பர் நடுப்பகுதி ஆகிவிடும். பரோலில் வெளியே இருந்த காலத்தை இந்த 14 ஆண்டில் சேர்க்க முடியாது என்று, கோவா கைதிகளின் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளே வேலை செய்தும் நன்னடத்தையாலும் சேரும் தண்டனைக் குறைப்பு நாட்களும் இந்தக் கணக்கில் வாரா. எனவே மனு எழுதும் முன், காவலில் இருந்த நாட்கள், ஜாமீன், விடுப்பு எல்லாம் பிரித்துக் காட்டிய தண்டனைக் கணக்கைச் சிறையிலிருந்து எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

விடுப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நாம் பரோல் என்று சொல்வது தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி தரப்படும் அவசர விடுப்பும் சாதாரண விடுப்பும்தான். அது முன்விடுதலையின் முதற்படி அன்று. சாவு, கல்யாணம், வெள்ளாமை வேலை, வீடு பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்காகத் தரப்படும் தற்காலிக ஏற்பாடு. நோம்பி முடியட்டும் என்று இரண்டு நாள் பிந்தித் திரும்பினால், அது சிறைக் குற்றமாகப் பதிவாகி, பின்னாளில் நடத்தை அறிக்கையில் வந்து நிற்கும்.

அடுத்த தவறு, முன்விடுதலை அரசாணையின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018 பிப்ரவரியில் வந்த அரசாணை 10 ஆண்டு கழித்தவர்களுக்கு வழி திறந்தது. 14 ஆண்டு விதி இருக்கையில் 10 ஆண்டில் எப்படி என்று கேட்கலாம். அரசமைப்பின் 161-ஆவது கூறில் ஆளுநருக்கு உள்ள அதிகாரத்தை 433-ஏ கட்டுப்படுத்தாது என்று 1980-இலேயே தீர்ப்பாகிவிட்டது. ஆளுநர் அதை அமைச்சரவையின் ஆலோசனைப்படி செலுத்துகிறார். ஆனால் இத்தகைய ஆணையில் 10 ஆண்டு எந்தத் தேதியில் நிறைந்திருக்க வேண்டும் என்ற வரையறையும், பாலியல் வன்கொடுமை, கூட்டுக்கொள்ளை போன்ற குற்றங்களுக்கான விலக்குப் பட்டியலும் உண்டு. கொலைக்கான 302-ஆவது பிரிவோடு பட்டியலில் உள்ள இன்னொரு பிரிவிலும் தண்டனை இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் செய்ய வேண்டும். 25 ஆண்டு வரை தண்டனைக் குறைப்பே கூடாது என்பது போல உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ குறிப்பிட்டிருந்தால் அதுவும் அங்கேதான் இருக்கும். பாலக்காட்டில் தண்டனை பெற்ற கோவைக்காரருக்கு நம் அரசாணை பொருந்தாது. தண்டனை விதித்த மாநிலத்தின் அரசே முடிவெடுக்கும். தண்டனை பெற்ற நாளில் இருந்த கொள்கையே பொருந்தும், பின்னால் வந்தது கூடுதல் சாதகமாக இருந்தால் அதன் பலனையும் தரவேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டு ஜகதீஷ் வழக்கின் தீர்ப்பு. இதைப் பலர் மனுவில் எழுதுவதே இல்லை.

மூன்றாவது தவறு, என் கணிப்பில் மிகப் பெரியது: ஊரில் நடக்கும் விசாரணையைப் பொருட்படுத்தாமல் விடுவது. சிறைக் கண்காணிப்பாளரின் நடத்தை அறிக்கை, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, காவல் துறை அறிக்கை, தண்டித்த நீதிமன்றத்தின் கருத்து ஆகியவை கோப்பில் சேர்கின்றன. மீண்டும் குற்றம் செய்ய வாய்ப்புண்டா, இனியும் உள்ளே வைத்திருப்பதால் பயனுண்டா, குடும்பத்தின் நிலை என்ன என்பவற்றை ஆராய வேண்டும் என்று லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. மனுவில் அழுகையும் வேண்டுதலும் நிறைய இருக்கும். எங்கே தங்குவார், என்ன வேலை செய்வார் என்பது இருக்காது. நமது எடுத்துக்காட்டில் இறந்தவரின் வீடு அதே தடத்தின் மறு முனையில் இருக்கிறது. அவர் அங்கேயே திரும்பி வருவார் என்று எழுதினால், மோதல் வரக்கூடும் என்று காவல் நிலையம் எழுதுவது இயல்பு. திருப்பூரில் தங்கை வீட்டில் தங்கி, பனியன் கம்பெனியில் வேலைக்குப் போவார் என்று தங்கையின் ஒப்புதல் கடிதத்தோடும் வேலை தருபவரின் கடிதத்தோடும் காட்டினால் அறிக்கையின் போக்கே மாறலாம். எதிர்த்தரப்பைச் சமாதானப்படுத்துகிறோம் என்று ஆட்களை அனுப்பி வைப்பது மட்டும் கூடவே கூடாது. அது மிரட்டல் புகாராக மாறிக் கோப்புக்குள் போய்விடும்.

நிராகரிப்பு ஆணை வந்ததும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுவோரும் உண்டு. காரணம் சொல்லாத நிராகரிப்பும், 'குற்றம் கொடியது' என்ற ஒற்றை வரி நிராகரிப்பும் உயர் நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகும். கொள்கை இருக்கும் மாநிலத்தில், தகுதி பெற்றவர் மனு போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும், முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

வெளியே வந்தபின் நேரும் தவறுகள் நிபந்தனைகளைப் படிக்காமல் கையெழுத்திடுவதில் தொடங்குகின்றன. முன்விடுதலை பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வரும். அதை மீறினால் அரசு தண்டனைக் குறைப்பை ரத்து செய்யலாம். ரத்தானால் வாரண்ட் இல்லாமலே பிடித்து, மிச்சத் தண்டனையைக் கழிக்க அனுப்பலாம். ஆயுள் தண்டனையில் மிச்சம் என்பது மிச்ச ஆயுள்தான். எனவே முகவரி மாறினால் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ள வேண்டும். நிபந்தனைக்கும் வரம்பு உண்டு. குஜராத்தில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட 'இரண்டு ஆண்டு ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்' என்ற நிபந்தனை தெளிவற்றது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஒரு வழக்கு பதிவானதாலேயே விடுதலையைத் தானாக ரத்து செய்ய முடியாது, காரணம் கூறி அறிவிப்புத் தந்து பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. அந்த அறிவிப்புக்குத் தேதிக்குள் எழுத்தில் பதில் தராமல், காவல் நிலையத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால், சொன்னதற்குக் கோப்பில் எந்தத் தடயமும் இருக்காது.