விடை தெரிந்த கேள்வியால் சாட்பாட்டைச் சோதியுங்கள்

சாட்பாட்டை நம்புவதற்கு முன், உங்கள் தொழிலிலிருந்து விடை தெரிந்த கேள்வி ஒன்றைக் கேளுங்கள். ஓய்வுபெற்ற வங்கி கிளார்க் ஒருவர் கேட்பது: அசல் 10,000, ஆண்டு வட்டி 8 சதவீதம், காலாண்டுக் கூட்டு வட்டி, ஓராண்டு முடிவில் எவ்வளவு? விடை 10,824.32. 10,800 என்று வந்தால், ‘காலாண்டு’ என்பதை அது விட்டுவிட்டது. சரியாகச் சொன்னாலும் விடமாட்டார், “தப்பு, 10,800தானே?” என்று மடக்குவார். உடனே மன்னிப்புக் கேட்டு மாற்றிக்கொண்டால் கதை கந்தல்!

சரியோ தவறோ, சாட்பாட் பெரும்பாலும் ஒரே உறுதியோடுதான் பேசும். பதிலின் தோரணையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, விடை தெரிந்தவருக்குத்தான் பிடிபடும். ஆனால் வட்டிக் கணக்கில் தேறியது மருந்து விஷயத்திலும் தேறும் என்று சொல்ல முடியாது. அடிக்கடி மாறும் வட்டி விகிதம், விதிமுறைகளுக்கும் இந்தச் சோதனை உதவாது. அங்கே உங்களுக்குத் தெரிந்த விடையே பழசாகியிருக்கலாம்.