கொடைக்கானலில் இருந்து பூண்டு ஊறுகாய்: வாங்கினவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு டீச்சர் தொழில் கற்ற விதம்

வீட்டில் ஊறுகாய் போட்டு ஆன்லைனில் விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பூண்டு ஊறுகாயை வாட்ஸ்அப்பில் விற்க ஆரம்பித்து, வாங்கினவர்கள் சொன்ன ஒவ்வொரு குறையையும் அடுப்படி வரை கொண்டுபோய்ப் பார்த்துச் சரிசெய்தார். பார்சல் கட்டும் வேலையில் நானும் கூட இருந்ததால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், செய்முறையும் அதிலேயே வந்துவிடும்.

முதலில் பூண்டும் பதிவும்

டீச்சர் எடுப்பது கொடைக்கானல் மலைப்பூண்டு. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைவது, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. காரமும் வாசனையும் தூக்கலாக இருக்கும். ஊரில் கிடைக்காவிட்டால் கீழே வடுகபட்டிச் சந்தையில் வாங்கலாம், ஆனால் அங்கே பல ஊர்ப் பூண்டும் வந்து இறங்கும், எது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். லேபிளில் மலைப்பூண்டு என்று போட்டுவிட்டு உள்ளே வேறு பூண்டு இருக்கக் கூடாது.

விற்பதற்கு முன்னால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கியே ஆக வேண்டும். வீட்டிலிருந்து செய்தாலும் இதுதான் விதி. foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சடிக்க வேண்டும்.

ஊறுகாய் போடும் முறை

உரித்த பூண்டு 1 கிலோவுக்குக் கணக்கு சொல்கிறேன். எலுமிச்சைச் சாறு 300 மில்லி, புளி 150 கிராம், உப்பு 150 கிராம், மிளகாய்த்தூள் 100 கிராம், நல்லெண்ணெய் 400 மில்லி, வெல்லம் 50 கிராம். கடுகு, மஞ்சள்தூள், பெருங்காயம், வறுத்துப் பொடித்த கடுகும் வெந்தயமும் ஒவ்வொரு ஸ்பூன்.

பூண்டை இட்லிப் பானையில் வைத்து, பல் உள்வரை சூடேறும்படி எட்டுப் பத்து நிமிடம் ஆவி காட்டுங்கள். ஆறியதும் பெரிய பற்களை இரண்டாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசறி ஒரு முழு நாள் ஃப்ரிட்ஜில் மூடி வையுங்கள். அடுத்த நாள் எண்ணெயைக் காயவைத்து, கடுகு பொரிந்ததும் பெருங்காயம் போட்டு, கெட்டியாகக் கரைத்த புளியை ஊற்றி எண்ணெய் பிரியும் வரை கொதிக்க விடுங்கள். அப்புறம் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், ஊறின பூண்டு அதன் சாற்றோடு. சிறு தீயில் தண்ணீர் வற்றி ஓரத்தில் எண்ணெய் கசியும்போது பொடியும் வெல்லமும் சேர்த்து இறக்கிவிடலாம்.

புளிப்பு இந்த ஊறுகாயில் ருசிக்காக மட்டும் இல்லை. பூண்டு மண்ணில் விளைவது. அதில் ஒட்டி வரும் சில கிருமிகளின் வித்துகள் காற்றுப் புகாத எண்ணெய்க்குள், புளிப்பு போதாத இடத்தில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பொட்டுலிசம் என்கிற அந்த நோய் உயிருக்கே ஆபத்து, ஊறுகாயை முகர்ந்தோ பார்த்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அந்த வித்துகளைக் கொல்ல 121 டிகிரி வேண்டும், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே நம்மைக் காப்பது புளிப்புதான். புளிப்பின் அளவைச் சொல்லும் எண்தான் பிஎச், புளிப்பு ஏற ஏற அது குறையும். அது 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த வித்துகள் முளைக்காது. டீச்சர் 4-க்கு மேல் போன பானையை விற்க மாட்டார்.

அளக்க ஒரு சின்ன பிஎச் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நிறம் மாறும் தாள் மிளகாய்ச் சிவப்பில் குழப்பும். ஊறுகாயில் எண்ணெயை நன்றாக வடித்து, பூண்டுப் பல்லை மட்டும் எடுத்துக் காய்ச்சி வடித்த தண்ணீர் கொஞ்சம் விட்டு மசித்து அதில் மீட்டரை வையுங்கள். குழம்பை அளந்தால் போதாது, பல்லின் நடுவில் புளிப்பு ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதல் குறை: "பூண்டு பச்சையா இருக்கு, டீச்சர்"

ஆரம்பத்தில் டீச்சர் ஆவி காட்டவில்லை. வேகாத பூண்டை நேராக எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டார். திருச்சியிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, பல்லெல்லாம் பாசி பிடித்த மாதிரிப் பச்சையாக இருக்கிறது, கெட்டுப்போச்சா என்று கேட்டார். டீச்சர் சமாதானம் சொல்லிப் போனை வைத்துவிடாமல் மூன்று விஷயம் கேட்டார்: "பாட்டில்ல ஒட்டியிருக்கிற எண் என்னம்மா? என்னைக்குத் திறந்தீங்க, எங்க வச்சிருக்கீங்க? வெளிச்சத்துல வச்சு ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?"

இந்த மூன்று கேள்வியும் இன்றுவரை மாறவில்லை. எண் தெரிந்தால் எந்தப் பானை என்று தெரியும். டீச்சரிடம் ஒரு நீள நோட்டு உண்டு, பள்ளி வருகைப் பதிவேடு மாதிரியே கோடு போட்டு, ஒவ்வொரு பானைக்கும் பூண்டு எப்போது வாங்கியது, எங்கே வைத்திருந்தது, பிஎச் எவ்வளவு என்று எழுதியிருப்பார். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்துக்குள் வாங்கினவர் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கும். திருத்தி எழுத மாட்டார்.

அந்தப் பானையின் பிஎச் சரியாகத்தான் இருந்தது. பூண்டைத்தான் அந்த முறை பல நாள் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். பூண்டு குளிரில் கிடந்தால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கூடும், நறுக்கிப் புளிப்பில் போட்டதும் பூண்டின் நொதி அவற்றை மாற்றிப் பச்சை நிறம் உண்டாக்கும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் காசு கொடுத்து வாங்கினவர் அதைப் பார்த்துப் பயப்படுவது நியாயம்தானே. ஆவியில் சூடேற்றினால் அந்த நொதி செயலிழந்துவிடும், நிறம் மாறாது. ஆவி காட்டுவது செய்முறைக்குள் வந்தது இப்படித்தான். உரிக்காத பூண்டை இப்போது காற்றோட்டமான சாக்கில் வெளியிலேயே வைக்கிறார்.

இரண்டாவது குறை: நனைந்த பார்சல்

அட்டைப் பெட்டி எண்ணெயில் ஊறி வந்தது என்று சிலர் சொன்னார்கள். மூடியை இறுக்கித் திருகினால் போதும் என்று நாங்கள் இருந்தோம். மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவு, பாட்டில் எப்படியும் சாயும், நல்லெண்ணெய் மெல்லிய இடைவெளியிலும் ஊர்ந்து வந்துவிடும்.

அதற்கு அலுமினியத் தகடு ஒட்டும் சின்ன இயந்திரம் வாங்கினார். வாயில் துளி எண்ணெய் இருந்தாலும் தகடு ஒட்டாது, அதனால் ஊறுகாயை வாய் அகன்ற புனலில் நிரப்பி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு, உலர்ந்த துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஒட்டின பாட்டில்களைப் பழைய செய்தித்தாளில் ஓர் இரவு தலைகீழாக நிறுத்திவைப்போம். காலையில் எதன் கீழே தாள் கண்ணாடி மாதிரித் தெரிகிறதோ அது கசிகிறது. அதைப் பிரித்து மறுபடி ஒட்டுவோம்.

பாட்டில் காய்வதும் இங்கே ஒரு வேலை. பனி இறங்கும் நாளில் வெயிலில் வைத்தால் காயாது, உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை வரும். கண்ணாடி பாட்டிலை ஓவனில் 100 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து, ஆறின பிறகு நிரப்புங்கள். பிளாஸ்டிக்கை ஓவனில் வைக்க முடியாது, துடைத்து, ஹீட்டர் பக்கத்தில் கவிழ்த்து முழுக்க உலர்த்த வேண்டும்.

மூன்றாவது குறை, இதுதான் எனக்குப் பிடித்தது

தகடு ஒட்ட ஆரம்பித்த பிறகு வேறு பேச்சு வந்தது. மதுரையிலிருந்து, சென்னையிலிருந்து, கோவையிலிருந்து, எல்லாரும் ஒரே மாதிரி: "பாட்டில் நசுங்கி வந்திருக்கு." கொண்டுபோனவர்கள் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றுதான் நான் சொன்னேன். டீச்சர் நோட்டைப் புரட்டினார். ஊட்டியில் இருந்து வாங்கும் ஒரு குடும்பம் மட்டும் அப்படிச் சொல்லவே இல்லை. தகடு ஒட்டுவதற்கு முன்பு யாருமே சொல்லவில்லை.

காரணம் காற்று. எங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேல். அந்த மெல்லிய காற்றோடு பாட்டிலை இறுக அடைத்துக் கீழே அனுப்பினால், சமவெளியின் கனத்த காற்று மெல்லிய பிளாஸ்டிக்கை உள்ளே அமுக்குகிறது. முன்பு மூடி வழியே காற்று உள்ளே போய்ச் சமமாகிவிட்டது, அந்த வழியில்தான் எண்ணெயும் வெளியே வந்தது. ஊட்டியும் உயரம் என்பதால் அங்கே நசுங்கவில்லை. இப்போது தூர ஊர்களுக்குக் கண்ணாடி பாட்டில், இல்லாவிட்டால் கனமான பிளாஸ்டிக்.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனையும் கிடைத்தது. மலையில் அடைத்த பாட்டில் கீழே போனால் உள்வாங்கித்தான் இருக்க வேண்டும். சமவெளி வெயிலில் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் விரியும் என்றாலும் அழுத்த வித்தியாசத்தை மீறாது. ஆகவே தகடு மேலே உப்பியிருந்தால் உள்ளே ஏதோ நொதித்து வாயு விடுகிறது. அப்படி யாராவது சொன்னால் டீச்சர் இரண்டாம் பேச்சு பேச மாட்டார். ருசி பார்க்காமல் தூக்கிப் போடுங்கள் என்பார், பணத்தைத் திருப்பி அனுப்புவார், அதே எண் பாட்டில் வாங்கின எல்லாருக்கும் அன்றே செய்தி போகும். பார்சலுக்குள் வைக்கும் சின்னச் சீட்டிலும் இதை எழுதியிருக்கிறார்: உள்வாங்கியிருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம், உப்பியிருந்தால் திறக்காதீர்கள்.

காரம் பற்றிச் சொல்பவர்கள்

காரம் அதிகம் என்று ஒருவர், போதவில்லை என்று இன்னொருவர். இரண்டும் ஒரே பானையைப் பற்றி வந்தால் செய்முறையில் கை வைக்கக் கூடாது. வேறு வேறு பானை என்றால் மிளகாய்த்தூள் எங்கே வாங்கினது என்று பார்க்க வேண்டும், தூள் மாறினால் காரம் மாறும். உப்பையும் புளியையும் குறைக்கச் சொன்னால் மட்டும் டீச்சர் கேட்பதே இல்லை. "சாதத்துல கொஞ்சமா தொட்டுக்கோங்கப்பா, அதைக் குறைச்சா என்னால அனுப்ப முடியாது" என்று சொல்லிவிடுவார்.

மேலே எண்ணெய் இல்லை, காய்ந்து கிடக்கிறது என்று வந்தால் அது உடனே பார்க்க வேண்டியது. பூண்டு முதல் வாரத்தில் எண்ணெயைக் குடித்துவிடும், வெளியே தலைநீட்டும் பல்லில் பூஞ்சை வரும். அதனால் ஊறுகாயைப் பெரிய ஜாடியில் ஒரு வாரம் வைத்து, எண்ணெய் இறங்கின அளவுக்குக் காய்ச்சி ஆறின நல்லெண்ணெய் ஊற்றி, பிஎச்சை இன்னொரு முறை பார்த்த பிறகுதான் பாட்டிலில் நிரப்புகிறோம். லேபிளில் பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுதுங்கள், தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், நிகர எடை, விலை, முகவரி, சைவப் பச்சைக் குறி, பானை எண் எல்லாம் இருக்க வேண்டும். போன் எண்ணைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். வயதானவர்கள் கண்ணாடி போடாமலே படித்துக் கூப்பிட்டுச் சொல்கிற அளவுக்கு இருந்தால் நல்லது.