பூட்டிய அமெரிக்க போன்: காட்பாடி கடை மேசையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் தம்பிக்கும் மச்சானுக்கும் ஐபோன் கொண்டு வந்து கொடுப்பார்கள். அடுத்த வாரம் அது காட்பாடியில் என் கடை மேசைக்கு வந்துவிடும். நம்மூர் சிம்மைப் போட்டால் SIM Not Supported என்று காட்டும். வைஃபையில் மட்டும் எல்லாம் ஜோராக ஓடும்.

பூட்டு போனுக்குள் இருக்கிறது என்ற நினைப்பு

அமெரிக்காவில் போனை பெரும்பாலும் டெலிகாம் கம்பெனியே தவணைக்குக் கொடுக்கிறது. தவணை முடியும்வரை தன் சிம் மட்டும்தான் ஓட வேண்டும் என்று பூட்டி வைக்கிறது. ஐபோனில் அந்தப் பூட்டு ஆப்பிளின் ஆக்டிவேஷன் சர்வரில் உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்ணான IMEI-யோடு பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவை மாற்றச் சொல்லும் உரிமை பூட்டிய கம்பெனிக்கு மட்டும்தான். ஆப்பிள் ஷோரூமில் போய் நின்றாலும் அந்தக் கம்பெனியைக் கேளுங்கள் என்றுதான் அனுப்புவார்கள்.

ரீசெட் அடிப்பது

பூட்டு அப்படியே இருக்கும். போட்டோக்கள்தான் போகும்.

சிப் வைத்ததை 'அன்லாக்' என்று வாங்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடியாத்தத்திலிருந்து ஒருவர் ஐபோன் 13 கொண்டு வந்தார். எங்கோ ஒரு கடையில் 'ஃபுல் அன்லாக்' என்று செகண்ட்ஸில் வாங்கியது. "அண்ணா, நேத்து வரைக்கும் பேசிக்கினுதான் இருந்தேன். அப்டேட் போட்டதும் டவரே காணோம்" என்றார். ட்ரேயை வெளியே இழுத்தேன். சிம்முக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் கனத்தில் ஒரு சின்ன சர்க்யூட் ஒட்டியிருந்தது. ஆர்-சிம் என்பார்கள். அவர் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை.

அந்த சிப் பூட்டைத் திறப்பதில்லை. உள்ளே இருப்பது பூட்டிய கம்பெனியின் சிம்தான் என்று போனை நம்ப வைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஏமாற்று வேலை நடக்க ஆக்டிவேஷனில் எங்காவது ஓட்டை இருக்க வேண்டும். ஆப்பிள் அதை அடைத்ததும் போன் மறுபடி பூட்டிய போன்தான்.

வாங்கும்போது "என் சிம்மைப் போட்டுப் பேசிப் பார்த்தேனே" என்பார்கள். சிப் வேலை செய்யும் வரை பேச்சு வரத்தான் செய்யும், அதனால் அந்தச் சோதனை செல்லாது. ட்ரேயை நீங்களே வெளியே எடுத்துப் பாருங்கள். பிறகு Settings, General, About என்று போய் Carrier Lock வரியைப் படியுங்கள். No SIM restrictions என்று இருந்தால் திறந்த போன். SIM locked என்று இருந்தால், சிக்னல் எத்தனை கோடு காட்டினாலும் பூட்டியதுதான். குடியாத்தத்துக்காரர் போனில் இரண்டாவதுதான் இருந்தது.

அது AT&T போன். அந்த அமெரிக்க டெலிகாம் கம்பெனியின் தளத்தில் தங்கள் வாடிக்கையாளர் அல்லாதவர்களும் IMEI கொடுத்துத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டோம். தவணை பாக்கி இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். பாக்கி யாருடையது, அந்த ஆள் எந்த ஊரில் இருக்கிறார், ஒன்றும் தெரியாது. யாரிடம் போய்க் கட்டச் சொல்வது? இப்போது அது வைஃபையில் பாட்டுக் கேட்கும் போன்.

சத்துவாச்சாரி அம்மா ஒருவருக்கும் இதே சிக்கல்தான். ஆனால் போனை வாங்கிய மகன் டல்லஸில் இருந்தார். அங்கிருந்தே மீதித் தவணையைக் கட்டினார், விண்ணப்பம் போட்டார், மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தி உறுதி செய்தார். ஒப்புதல் வந்ததும் இங்கே வைஃபையில் வைத்து ஏர்டெல் சிம்மைப் போட்டோம், தானாகவே திறந்துகொண்டது. எந்த அன்லாக் எண்ணும் அடிக்க வேண்டியிருக்கவில்லை, தவணையைத் தவிர வேறு செலவும் இல்லை. கொண்டு வருகிறவர் விமானம் ஏறுவதற்கு முன்பே இதை முடித்துவிட்டால் கடைப்பக்கமே வர வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் அன்லாக் எண்ணை யூகித்து அடிப்பது

சில மாடல்களுக்கு கம்பெனி ஒரு எண் கொடுக்கும். தவறாக அடிக்கும் வாய்ப்புகளுக்கு அளவு உண்டு. தீர்ந்தால் சரியான எண்ணும் ஏறாது.

திறந்துவிட்டால் எல்லாம் சரி என்பது

நெட்வொர்க் பூட்டு வேறு, முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடி பூட்டு வேறு. ஒன்று திறந்தால் மற்றது திறக்காது. திருட்டுப் போனாகத் தடை செய்யப்பட்ட IMEI-யையும் அன்லாக் காப்பாற்றாது. செகண்ட்ஸில் வாங்குகிறவர்கள் `*#06#` அடித்து எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். KYM என்று தட்டி, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் நிலவரம் வந்துவிடும்.

அலைவரிசையும் அப்படியே. போனின் ரேடியோவில் இல்லாத பேண்ட் அன்லாக் செய்ததும் முளைத்துவிடாது. ஜியோவில் பேச, 4ஜி வழியாகவே பேச்சு போகும் VoLTE வசதி வேண்டும். அது இல்லாத பழைய போன் திறந்திருந்தும் பயனில்லை.

ட்ரே எங்கே என்று தேடுவது

அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இலிருந்து ட்ரேயே கிடையாது, போனுக்குள்ளேயே ஏற்றும் இ-சிம் மட்டும்தான். பூட்டு இருந்தால் வேறு கம்பெனியின் இ-சிம்மும் ஓடாது. திறந்திருந்தால் உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றிக்கொண்டு வாருங்கள். ஊசியை வைத்துக்கொண்டு ஓட்டை தேட வேண்டாம்.