ஜர்னல் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள்: மோசடித் தணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரும் ஆர்ட்டிகிள் மாணவர்களின் ஒர்க்கிங் பேப்பரைப் பார்த்தால், நாங்கள் படிக்கும் காலத்தில் செய்த அதே கோளாறுகள் வரிசையாக நிற்கின்றன. வவுச்சரில் கையெழுத்து விட்டுப்போவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை.

மோசடி முக்கோணத்தைப் படிவமாக நிரப்புவது

அழுத்தம், வாய்ப்பு, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் நியாயம். இந்த மூன்றுக்கும் எதிரே 'குறைவு' என்று எழுதி ஃபைலை மூடிவிடுகிறார்கள். கட்டுப்பாட்டை வைப்பவரே நிர்வாகி என்பதால், அதை மீறும் வாய்ப்பு அவருக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் எல்லா நிறுவனங்களிலும் இதைக் குறிப்பிடத்தக்க அபாயமாகக் கருதச் சொல்கிறது தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 240.

கொடுத்த பட்டியலிலேயே தேடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் அந்த ஆண்டின் ஜர்னல் பதிவுகளை எக்செல் கோப்பாக அனுப்பினார். எங்கள் பையன் அதில் பெரிய தொகைகள், ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகள், விளக்கம் இல்லாதவை என்று அழகாகச் சலித்தெடுத்து, "எல்லாம் சரி சார்" என்றான். எந்தக் கணக்கையும் கூட்டிப் பார்க்கவில்லை.

ஆரம்ப இருப்போடு ஆண்டின் பற்றுகளைக் கூட்டி வரவுகளைக் கழித்தால், ட்ரயல் பேலன்ஸில் உள்ள இறுதி இருப்பு வரவேண்டும். விற்பனைத் திருப்ப ஒதுக்கீட்டில் வரவில்லை. மார்ச் 31 தேதியிட்டு ஏப்ரலில் போட்ட பதிவு ஒன்று கோப்பில் இல்லை. ஒதுக்கீட்டைக் குறைத்து லாபத்தைக் கூட்டிய அந்தப் பதிவைப் போட்டவர் நிதித் தலைவரே. இல்லாத பதிவை எந்த ஃபில்டர் பிடிக்கும்?

அமெரிக்காவின் வேர்ல்ட்காமில் நடந்ததும் இதே வகைதான். மற்ற தொலைபேசி நிறுவனங்களின் லைன்களுக்குக் கட்டிய வாடகையைச் செலவில் காட்டாமல் சொத்தாக மாற்றினார்கள். 2001லும் 2002இன் முதல் காலாண்டிலுமாக சுமார் 380 கோடி டாலர். வருமானத்தில் லைன் செலவின் விகிதம் ஏறக்கூடாது என்பது அழுத்தம். காலாண்டு முடிந்தபின் தலைமையகத்திலேயே பதிவு போட முடிந்தது வாய்ப்பு. 'இந்த ஒரு தடவைதான்' என்பது கீழே இருந்த கணக்காளர்களுக்குச் சொல்லப்பட்ட நியாயம். வெளித்தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் பொதுப் பேரேட்டைக் கேட்டது, நிர்வாகம் தர மறுத்தது, அவர்களும் அதோடு விட்டுவிட்டார்கள். கண்டுபிடித்தது சிந்தியா கூப்பரின் உள்தணிக்கைக் குழு.

ஆகவே பேரேட்டை முடிந்தவரை உங்கள் கண்முன்னே சிஸ்டத்திலிருந்து இறக்கச் சொல்லுங்கள். கூட்டிச் சரிபார்த்த பிறகே சலிக்க ஆரம்பியுங்கள். ஆண்டு முடிவுக்குப் பின் போட்டவை, வழக்கமாகப் பதிவு போடாதவர் போட்டவை முதலில். தர மறுத்தால், அன்றே பார்ட்னருக்குச் சொல்லிவிடுங்கள்.

'கேட்டோம், விளக்கினார்கள்'

அது சான்று இல்லை.

ஒதுக்கீட்டை இந்த ஆண்டுக்கு மட்டும் பார்ப்பது

போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, பிறகு உண்மையில் ஆனது எவ்வளவு? வித்தியாசம் எப்போதும் லாபத்துக்குச் சாதகமாகவே விழுந்தால், இந்த ஆண்டுக் கணிப்பையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

மார்ச் கடைசி வார பெரிய விற்பனையை இன்வாய்ஸோடு விடுவது

ஏப்ரல், மே மாத கிரெடிட் நோட்டுகளையும் கேளுங்கள். அப்புறம் அந்த வாடிக்கையாளர் எதற்காக அவ்வளவு வாங்கினார் என்று விசாரியுங்கள்.